ஸ்டோர்ல தில்லுமுல்லு பிடிக்க எது உதவும்: லிமிட் ரிப்போர்ட்டா, பேட்டர்ன் ரிப்போர்ட்டா?

மெஷின் ஷாப் ஸ்டோர்ஸ் பார்த்துக்கிறவங்களுக்கு இந்த குழப்பம் எப்பவும் இருக்கும். ஒண்ணு, இத்தனை ரூபாய்க்கு மேல போன இஷ்யூவும் அட்ஜஸ்ட்மென்ட்டும் தினமும் பட்டியலா வர்ற லிமிட் ரிப்போர்ட். இன்னொண்ணு, தொகை எவ்வளவா இருந்தாலும் சரி, யார், எந்த மெஷினுக்கு, எந்த நேரத்துல, எத்தனை தடவைன்னு சேர்த்து வச்சு பார்க்கிற பேட்டர்ன் ரிப்போர்ட். எங்க இடத்துல இப்ப ரெண்டாவதுதான் முக்கியமா ஓடுது, அதனால நான் அந்தப்பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுறேன், முன்னாடியே சொல்லிடறேன்.

லிமிட் ரிப்போர்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. போடுறது ஈசி, SAP வச்சிருந்தா MB51-ல மூவ்மென்ட் டைப் குடுத்து இறக்கி தொகையில ஃபில்டர் போட்டா முடிஞ்சுது. ஆனா 5,000 ரூபாய் லிமிட்னா அது ஸ்டோர்கீப்பருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். அப்புறம் எவன் 5,001-க்கு ஸ்லிப் போடுவான்?

லேத் டூல்ல மாட்டி வெட்டுற கார்பைட் இன்செர்ட்டையே எடுத்துக்கங்க, கைக்கு அடக்கமான சாமான், வெளியில உடனே காசு. CNMG 120408 ஒரு பாக்ஸ்ல பத்து இருக்கும். ஒண்ணு 350 ரூபாய்னு வச்சா பாக்ஸ் 3,500, லிமிட்டுக்கு கீழ. ஒரு லேத்துக்கு மாசம் 11 பாக்ஸ் போயிருக்கு, ஸ்லிப்புக்கு ஒரு பாக்ஸ்தான், லிமிட் ரிப்போர்ட்ல ஒரு வரிகூட வராது.

இப்ப அதே 11 பாக்ஸ அந்த மெஷின் ஓட்டுன பீஸ் கணக்கோட வச்சு பாருங்க. இந்த இன்செர்ட்டுக்கு திருப்பி போட்டு நாலு முனை. அந்த ஜாபுக்கு ஒரு முனை சுமார் 60 பீஸ் தாங்கும்னா ஒரு பாக்ஸ் 2,400 பீஸ் ஓட்டும். மாச புரொடக்‌ஷன் 12,000, அப்போ தேவை 5 பாக்ஸ், உடைஞ்சது கிடைஞ்சதுன்னு சேர்த்தாலும் ஆறு. மிச்சம் அஞ்சு எங்க? ஸ்லிப்ப ஷிப்ட் வாரியா அடுக்குனா ஒரே நைட் ஷிப்ட்ல ரெண்டு பாக்ஸ் போயிருக்கும், ஆனா ஒரு ஷிப்ட்ல ஓடுறது 160 பீஸ்தான், அதுக்கு ஒரே ஒரு இன்செர்ட்டே போதும்.

உடனே ஆள கூப்பிட்டு மிரட்டக்கூடாது. காஸ்டிங் கெட்டியா வந்திருந்தா முனை இருபது பீஸ்லயே போயிடும், ஆனா அப்படின்னா அதே லாட் ஓட்டுன மத்த மெஷின்லயும், பகல் ஷிப்ட்லயும் செலவு ஏறியிருக்கணும். தேய்ஞ்ச இன்செர்ட் திரும்பி வர்ற டப்பாவையும் எண்ணிப் பாருங்க, நெஜமாவே செலவாயிருந்தா பழசு அங்க இருக்கணும். ரெண்டுமே இல்லன்னாத்தான் பேச்சு ஆரம்பிக்கணும்.

அட்ஜஸ்ட்மென்ட்லயும் இதே கதைதான். ஸ்டாக் எண்ணும்போது 6205 ZZ பேரிங் நாலு குறைஞ்சு 702 மூவ்மென்ட் போட்டிருக்கு, அதே வாரம் 6205 2RS நாலு கூடுதலாகி 701 போட்டிருக்குன்னா அது பெரும்பாலும் டப்பா மாத்தி எடுத்துக் குடுத்த குழப்பம், திருட்டு இல்ல. எதிர்ப்பக்கம் கூடுதலே இல்லாம ஒரே ஐட்டத்துல ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 702 மட்டும் விழுது, எண்ணுனதும் போஸ்ட் பண்ணுனதும் ஒரே ஐடி, அது வேற விஷயம். லிமிட் ரிப்போர்ட்டுக்கு இந்த ரெண்டும் ஒண்ணுதான்.

சரி, பேட்டர்ன் ரிப்போர்ட்ல எங்க உதைக்கும்? ரிப்போர்ட்ட பராமரிக்கிறதுலதான், அதுவும் முக்கியமா ஒரு கட்டத்துல: ஸ்லிப்ல மெஷின் நம்பர். அத எழுதாம டிபார்ட்மென்ட் காஸ்ட் சென்டர்ல மொத்தமா தள்ளுனா மேல போட்ட கணக்கு எதுவும் நடக்காது, பன்னெண்டு லேத்தோட செலவும் ஒரே குவியலாயிடும், அதுக்குள்ள அஞ்சு பாக்ஸ் தெரியவே தெரியாது. நைட் ஷிப்ட்ல அவசரம்னு நம்பர் இல்லாம குடுத்துட்டு காலைல ஏதோ ஒரு மெஷின் பேர்ல போடுவாங்க, அதனால மெஷின் நம்பர் இல்லாத ஸ்லிப், குடுத்த நேரத்துக்கும் என்ட்ரி நேரத்துக்கும் ரொம்ப இடைவெளி இருக்கிற ஸ்லிப், இது ரெண்டையுமே தனி எக்ஸெப்ஷனா வச்சாச்சு. புது ஜாப் வந்தா முனைக்கு எத்தனை பீஸ்னு புரொடக்‌ஷன்கிட்ட கேட்டு மாத்தணும், மாத்தலன்னா லிஸ்ட் முழுக்க வெட்டி அலாரம், அப்புறம் யாரும் தொறந்துகூட பார்க்க மாட்டாங்க.

வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு போற ஸ்பிண்டில், டிரைவ் கார்டு மாதிரி சாமானுக்கு பேட்டர்னே கிடையாது, அங்க லிமிட்தான், ஒவ்வொரு வரியும் ஆள் பார்க்கணும். ரீடெய்ல் கடைக்கு இது எவ்வளவு பொருந்தும்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, அங்க ஸ்டாக்க தொடுற கை ரொம்ப ஜாஸ்தி.