தேதியை மாற்றுவதா, படிவத்தை மாற்றுவதா: சென்னை அமெரிக்கத் தூதரக விசா அப்பாயின்ட்மென்ட்

தங்கைக்கு அக்டோபர் முதல் வாரத்தில் பிரசவம் என்று டாக்டர் குறித்திருந்தார். அவள் இருப்பது டாலஸில். அம்மா, அப்பா இருவருக்கும் சுற்றுலா விசா எடுக்கும் பொறுப்பு என்னுடையது. 2025 பிப்ரவரியில் பணம் கட்டி, சென்னையில் ஜூலை நடுவில் நேர்காணல் தேதி வாங்கினேன். மே மாதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக மாறின. குழந்தை இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே பிறக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் பாஸ்போர்ட் நவம்பரில் முடிவதால் அதைப் புதுப்பிக்கக் கொடுத்தோம். அதாவது பயணத் தேதியும் மாறப்போகிறது, பாஸ்போர்ட் எண்ணும் மாறப்போகிறது.

இந்த நிலையில் எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. அப்பாயின்ட்மென்ட்டை வேறு தேதிக்கு மாற்றுவது ஒன்று. தேதியை அப்படியே வைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தை மட்டும் சரிசெய்வது இன்னொன்று. அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்பது மூன்றாவது. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அவசர அப்பாயின்ட்மென்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சாதாரண தேதி ஒன்று கையில் இருக்க வேண்டும், அப்புறம்தான் கோரிக்கை வைக்க முடியும். மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் மரணம், படிப்பு தொடங்கும் நாள் நெருங்கிவிட்ட மாணவர்கள் போன்றவர்களுக்கான வழி அது. கல்யாணம், பட்டமளிப்பு விழா ஆகியவற்றோடு கர்ப்பமாக இருக்கும் உறவினருக்கு உதவப் போவதையும் ஏற்க மாட்டார்கள் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மகளின் பிரசவத்துக்கு உதவப் போகும் நம் வீட்டு அம்மாக்கள் பலர் இது தெரியாமல் கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். காரணத்தை மாற்றி எழுதலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம், பொய் என்று தெரிந்தால் அது கோப்பில் ஏறிவிடும். இந்த வழியில் நானே போய்ப் பார்த்ததில்லை என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி தேதி மாற்றம். 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் சுற்றுலா விசா உள்ளிட்ட குடியேற்றம் சாராத விசாக்களுக்கு ஒரே ஒரு முறைதான் இலவசமாகத் தேதி மாற்றலாம். இரண்டாவது முறை மாற்ற நினைத்தாலோ, குறித்த நாளில் போகாமல் விட்டாலோ, மறுபடி பணம் கட்டிப் புதிதாகத் தொடங்க வேண்டும். சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். திரும்பக் கிடைக்காது, வேறொருவர் பேருக்கு மாற்றவும் முடியாது. இரண்டு பேர் என்றால் 370 டாலர். பணத்தைவிடப் பெரிய இழப்பு, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி தேதி தேடுவதுதான். முன்பெல்லாம் பல முறை மாற்ற முடிந்ததால், முதலில் ஏதாவது ஒரு தேதியைப் பிடித்துவிட்டு அப்புறம் முன்னே நகர்த்திக்கொண்டே வருவார்கள். அந்தப் பழக்கத்தில் இருப்பவர்களின் அறிவுரை இப்போது ஆபத்தானது.

மே கடைசியில் எனக்கு அந்தச் சோதனை வந்தது. அப்பாயின்ட்மென்ட் போடும் usvisascheduling.com தளத்தின் காலண்டரில் ஹைதராபாத்தில் ஜூன் 5-ம் தேதி காலியாக இருந்தது. தங்கை போனில், "அண்ணா, கிடைக்கும்போதே மாத்திடேன், எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். அம்மாவும் அதே கட்சி. எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அப்பாவின் புது பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. வீடு மாறியிருந்ததால் புது முகவரிக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் பாக்கி. பழைய பாஸ்போர்ட் வீட்டில்தான் இருந்தது, ஆனால் ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போக முடியாது. புது பாஸ்போர்ட் தபாலில் வந்தது ஜூன் 11-ம் தேதி. ஜூன் 5-க்கு மாற்றியிருந்தால் அந்த ஒரே வாய்ப்பும் போயிருக்கும், அப்பாவின் அப்பாயின்ட்மென்ட்டும் போயிருக்கும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அண்ணன் மகன் கல்யாணத்துக்காக நேர்காணலை மூன்று வாரம் தள்ளிப் போட்டார். புதுத் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. கணவன் மனைவி இருவருக்கும் மறுபடி பணம் கட்டினார்.

பயணத் தேதி மாறியதற்காக அப்பாயின்ட்மென்ட்டை மாற்ற வேண்டும் என்பதே பல நேரம் தவறான முடிவு. விசாத் தேதியும் பயணத் தேதியும் வேறு வேறு. நேர்காணல் ஜூலையில் நடந்தால் ஆகஸ்டிலும் போகலாம், அக்டோபரிலும் போகலாம். இந்தியர்களுக்கான சுற்றுலா விசா பெரும்பாலும் பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. DS-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் பயணத் தேதியும் உத்தேசமானதுதான். அது சில வாரம் முன்பின் போனதற்காகப் படிவத்தைக்கூட நாங்கள் தொட்டிருக்க மாட்டோம். நேர்காணலில் கேட்டால் இப்போதைய திட்டத்தைச் சொன்னால் போதும். டிக்கெட்டை மட்டும் விசா கைக்கு வரும்வரை வாங்கக் கூடாது. நாங்களும் வாங்கவில்லை. குழந்தை செப்டம்பர் நடுவில் பிறந்தாலும் ஜூலை நேர்காணல் எங்களுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

ஆனால் பாஸ்போர்ட் எண் மாறினால் விஷயம் வேறு. இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. மூன்று இடங்களில் இருப்பது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: கையில் இருக்கும் பாஸ்போர்ட், DS-160 படிவம், அப்பாயின்ட்மென்ட் போட்ட ப்ரொஃபைல். படிவத்தைச் சமர்ப்பித்ததும் வரும் உறுதிப்படுத்தும் பக்கத்தில், பார்கோடுக்குப் பக்கத்தில் AA என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணைத்தான் ப்ரொஃபைலில் கொடுத்திருப்போம். சமர்ப்பித்த படிவத்தைத் திருத்த முடியாது. புதுப் படிவம் போட்டால் புது AA எண் வரும். அதை ப்ரொஃபைலில் மாற்றாமல் விட்டால், கையில் இருக்கும் தாள் ஒன்று சொல்லும், அவர்களுடைய கணினி இன்னொன்று சொல்லும். அந்தக் காரணத்துக்காகவே வாசலில் திருப்பி அனுப்பிவிடலாம். திருப்பி அனுப்பினால் புதுத் தேதி வேண்டும், புதுத் தேதிக்கு அந்த ஒரே வாய்ப்பு போய்விடும்.

செய்தது இவ்வளவுதான். ceac.state.gov தளத்தில் அப்பாவின் பழைய AA எண்ணைக் கொடுத்து, குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்து, பிறந்த ஆண்டு, ரகசியக் கேள்வியின் பதில் ஆகியவற்றைப் போட்டதும் பழைய விண்ணப்பம் திறந்தது. அதிலிருந்து புது விண்ணப்பம் தொடங்கினால் பழைய விவரங்களில் பெரும்பாலானவை தாமாகவே வந்து உட்காரும். பாஸ்போர்ட் எண், வழங்கிய தேதி, முடியும் தேதி, வழங்கிய ஊர், அப்புறம் வீட்டு முகவரி. இவற்றை மாற்றிச் சமர்ப்பித்தேன். ரகசியக் கேள்வியின் பதிலை முதல் முறையே எழுதி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் முழுப் படிவத்தையும் முதலிலிருந்து நிரப்பியிருக்க வேண்டும். அம்மாவின் படிவத்தில் எதுவும் மாறாததால் அதைத் தொடவில்லை. பிறகு ப்ரொஃபைலில் அப்பாவின் பாஸ்போர்ட் எண்ணையும் AA எண்ணையும் மாற்றி, அப்பாயின்ட்மென்ட் பக்கத்தைப் புதிதாக அச்சிட்டு, புது எண்கள் அதில் வந்திருக்கின்றனவா என்று அப்பாவை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே இதை முடித்துவிட்டேன். கடைசி இரண்டு மூன்று நாளில் செய்தால் ஏதாவது தவறானாலும் உதவி கேட்டுப் பதில் வாங்க நேரம் இருக்காது.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல், பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, முழுப் பெயரும் ஒரே இடத்தில். அப்படி இருந்தால் DS-160-ல் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, இயற்பெயர் கட்டத்தில், முதல் பெயர் தெரியாது என்று பொருள்படும் FNU என்று எழுத வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது, இந்தச் சாக்கில் தாத்தா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடலாமா என்று அப்பா கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் விசா அப்பாயின்ட்மென்ட் நிலுவையில் இருக்கும்போது வேண்டாம் என்றேன். எண் மட்டும் மாறினால் நாமே மாற்றிவிடலாம். பெயரே மாறினால் கட்டண ரசீது, ப்ரொஃபைல், படிவம் எல்லாமே பழைய பெயரில் நிற்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்ற அனுபவம் எனக்கில்லை, அதனால்தான் அந்தப் பக்கமே போகவில்லை.

நேர்காணலுக்கு முந்தைய நாள் கைரேகை, புகைப்படம் எடுக்கும் விசா மையத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று கண்ணெதிரே தெரிந்ததாக அப்பா சொன்னார். கவுன்டரில் இருந்த பெண் புது பாஸ்போர்ட்டையும் DS-160 தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டு எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். அப்புறம் பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் சின்ன ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தாராம். மறுநாள் அண்ணா சாலையில் தூதரகத்துக்குள் போன இருவரும் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். எப்போது போகிறீர்கள் என்று கேட்டதற்கு அம்மா, ஆகஸ்ட் கடைசியில் என்று சொல்லியிருக்கிறார். படிவத்தில் இருந்தது செப்டம்பர். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேதியை மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. உடம்பு சரியில்லை, பாஸ்போர்ட் குறித்த நாளுக்குள் நிச்சயமாக வராது என்றால் தாமதிக்காமல் மாற்றுங்கள். போகாமல் விட்டால் பணம் போகும், மாற்றினால் போகாது. ஆனால் தேவையான தாள் எல்லாம் கையில் இருக்கும் நாளாகப் பார்த்து மாற்றுங்கள். விசா மையத்துக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று என இரண்டு தேதிகள் உண்டு, மையத்துத் தேதி முன்னால் வர வேண்டும். கட்டணம் கட்டிய நாளிலிருந்து ஓராண்டுதான் செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புதுத் தாள்களை அச்சிட்டதும் பழைய DS-160 பக்கத்தையும் பழைய அப்பாயின்ட்மென்ட் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். நாங்கள் கிளம்பும் காலையில் அம்மா எடுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் மேலே இருந்தது அப்பாவின் பழைய பக்கம்.