மாடல் எண்ணா, தேவைப் பட்டியலா? ஸ்விட்சுக்கு விலை கேட்கும் இரண்டு கடிதங்கள்

புது அலுவலகத்துக்கு நெட்வொர்க் சாமான் வாங்க விலைப்புள்ளி கேட்டு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்றில் மாடல் எண்ணை அப்படியே எழுதி, இதற்கு விலை சொல்லுங்கள் என்று முடித்துவிடுவோம். மற்றதில் மாடலைச் சொல்லாமல், எத்தனை போர்ட், எவ்வளவு மின்சாரம், எங்கிருந்து எங்கே இணைப்பு என்று தேவையை விவரித்து, இதற்கு எது பொருந்தும் என்று கேட்போம். நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன், இரண்டிலும் மாட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஒரே அலுவலகத்தை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அலுவலகம் மூன்று தளம். ஒவ்வொரு தளத்திலும் 32 மேசை. மேசைக்கு ஓர் ஐபி போன், கணினி அந்தப் போனின் வழியாகவே இணையும். அதோடு 5 வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், 4 கேமரா, ஒரு பிரிண்டர். மொத்தம் 42 போர்ட், ஆக தளத்துக்கு ஒரு 48 போர்ட் ஸ்விட்ச் போதும். சர்வர் அறையில், எல்லாத் தளத்தையும் இணைக்கும் இரண்டு கோர் ஸ்விட்ச். ஒவ்வொரு தளத்திலிருந்தும் அங்கே இரண்டு 10 ஜிகாபிட் ஃபைபர் இணைப்பு.

ஸ்விட்ச்: ஓர் எழுத்தில் மாறும் சாமான்

மாடல் எண் கடிதத்தின் பெரிய பலம், வரும் விலைகளை அப்படியே அடுக்கி ஒப்பிடலாம் என்பது. மூன்று விற்பவர்களிடம் கேட்டால் மூன்று பேரும் ஒரே பெட்டிக்குத்தான் விலை சொல்வார்கள். பலவீனம், தப்பு நம்முடையதாக இருந்தால் மூன்று பேரும் அதே தப்புக்கு விலை சொல்வார்கள் என்பது.

சிஸ்கோவின் `C9200L-48P-4X` என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். அதில் `48P` என்றால் 48 போர்ட்டும் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும், இதைத்தான் பிஓஇ என்பார்கள். அந்த `P` இருக்கும் இடத்தில் `T` வந்தால் மின்சாரம் கிடையாது. போன் எதுவும் உயிர் பெறாது. கடைசியில் உள்ள `4X` என்பது நான்கு 10 ஜிகாபிட் அப்லிங்க், அதாவது கோருக்குப் போகும் இணைப்புக்கான போர்ட். அதுவே `4G` ஆனால் நான்கும் 1 ஜிகாபிட்தான். ஒரு முறை நான் `X`-க்குப் பதில் `G` என்று எழுதிவிட்டேன். விற்பவர் கேட்டதைக் கொடுத்தார், அவர்மேல் குற்றமில்லை. கூடவே வாங்கிய 10 ஜிகாபிட் மாட்யூல்கள் அதில் வேலை செய்யாமல் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

தேவையை எழுதும் கடிதத்தில் இந்த விபத்து நடக்காது. அங்கே நடப்பது வேறு. "48 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச், பிஓஇ வசதியுடன்" என்று மட்டும் எழுதினால், பிரவுசரில் நான்கு பக்கம் திறக்கிற சாதாரணப் பெட்டியும் மேனேஜ்டு என்ற பெயரிலேயே வந்து நிற்கும். விலை பாதியாக இருக்கும், மேலதிகாரிக்கும் அதுதான் பிடிக்கும். அதனால் மேனேஜ்டு என்ற சொல்லை நம்பாமல், வேலையைச் சொல்ல வேண்டும்: எஸ்எஸ்ஹெச் வழியாகக் கட்டளை கொடுக்க முடியணும், நெட்வொர்க்கை விலான்களாகப் பிரிக்க முடியணும், யார் செருகுகிறார் என்று சரிபார்க்கும் 802.1X வேண்டும், ஸ்விட்சைக் கண்காணிக்க எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பு வேண்டும். முக்கியமாக, இரண்டு கோர் ஸ்விட்சும் சேர்ந்து ஒரே ஸ்விட்ச் போல நடக்க வேண்டும். இல்லாவிட்டால் தளத்துக்கு இரண்டு இணைப்பு இழுத்தாலும் ஒன்று சும்மா காத்துக் கிடக்கும்.

பிஓஇ என்ற சொல்லும் இதே கதைதான். 48 போர்ட்டிலும் மின்சாரம் என்று விளம்பரம் சொன்னாலும், ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்பதுதான் கணக்கு. நம் தளத்துக்குப் போட்டுப் பார்ப்போம். போனுக்கு 7 வாட் வீதம் 32 போனுக்கு 224. ஆக்சஸ் பாயிண்டுக்கு 25 வீதம் 125. கேமராவுக்கு 12 வீதம் 48. மொத்தம் 397 வாட். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 48 போர்ட் ஸ்விட்சுகள் 370 வாட், 740 வாட் என்ற இரண்டு அளவில் வரும். நமக்கு 370 போதாது. ஆனால் திறப்பு விழா அன்று இது தெரியாமல் போகலாம், ஏனென்றால் அன்றே எல்லா மேசையும் நிரம்பியிருக்காது. நாலு மாதம் கழித்துப் புதிதாக ஒரு கேமரா மாட்டும்போது அது மட்டும் உயிர் பெறாது. அப்போது சிஸ்கோவில் இதை அடித்தால்,

```
show power inline
```

அந்தப் போர்ட்டுக்கு எதிரே `power-deny` என்று நிற்கும். கேமரா பழுது என்று எண்ணி அதை இரண்டு தடவை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் "பிஓஇ மொத்தத் திறன் குறைந்தது 500 வாட்" என்ற ஒரு வரி இந்தக் கூத்தைத் தடுக்கும்.

ஆக ஸ்விட்ச் விஷயத்தில் என் ஓட்டு தேவைக் கடிதத்துக்கு. ஆனால் நான் மாடலையும் விட்டுவிட மாட்டேன். "எடுத்துக்காட்டாக இந்த மாடல், அல்லது இதற்கு நிகரானது" என்று ஒன்றைச் சொல்லிவைத்தால், எந்தத் தரத்தில் கேட்கிறோம் என்பது விற்பவருக்கு உடனே பிடிபடும். நிகரானது என்று வேறொன்றைத் தருபவர், ஒவ்வொரு தேவைக்கும் எதிரே உண்டு அல்லது இல்லை என்று எழுதி, டேட்டாஷீட்டில் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துத் தர வேண்டும்.

டிரான்ஸீவர்: எண்ணிக்கை சொன்னால் பிழை, இணைப்பு சொன்னால் சரி

டிரான்ஸீவர் என்பது ஃபைபரை ஸ்விட்சில் இணைக்கும் சிறு மாட்யூல். மாடல் எண் கடிதம் இங்கே `SFP-10G-SR`, 6 எண்ணிக்கை என்று போகும். தப்பு. ஆறு என்பது இணைப்பின் எண்ணிக்கை. ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு முனை, ஆக 12 மாட்யூல். கைவசம் இரண்டு சேர்த்தால் 14. இந்தப் பிழை எவ்வளவு சகஜம் என்றால், சரக்கு வந்தவுடன் நான் முதலில் எண்ணுவதே இதைத்தான்.

இன்னொரு பிழை ஃபைபரின் வகை. `SR` மல்டிமோடு ஃபைபருக்கு, ஓஎம்3 கேபிளில் 300 மீட்டர் வரை ஓடும். `LR` சிங்கிள்மோடுக்கு, 10 கிலோமீட்டர் வரை. தூரம் அதிகம் போவதால் `LR`தான் உசத்தி என்று நினைத்து வாங்கி மல்டிமோடில் செருகினால் லிங்க் வராது, வந்தாலும் நம்பி இருக்க முடியாது. சுவரில் எது போயிருக்கிறது என்று தெரியாவிட்டால் கேபிளின் மேலுறையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் அநேகமாக சிங்கிள்மோடு, ஆரஞ்சு என்றால் பழைய மல்டிமோடு, வெளிர்நீலப் பச்சை என்றால் ஓஎம்3 அல்லது ஓஎம்4. உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டால் இன்னும் நிச்சயம்.

தேவைக் கடிதத்தில் இதை இப்படி எழுதலாம்:

> தளம் 1, 2, 3-லிருந்து சர்வர் அறைக்கு, தளத்துக்கு இரண்டு வீதம் 6 இணைப்புகள். நீளம் முறையே 35, 60, 90 மீட்டர். ஓஎம்3 ஃபைபர், இரு முனையிலும் எல்சி கனெக்டர், வேகம் 10 ஜிகாபிட். இரு முனைக்கும் தேவையான மாட்யூல்களையும் 2 உபரி மாட்யூல்களையும் கணக்கிட்டுத் தனி வரியாகக் காட்டவும். கோர் ஸ்விட்ச் இரண்டும் ஒரே ரேக்கில் உள்ளன. அவற்றுக்கு இடையே 1 மீட்டர் செப்புக் கேபிள் இரண்டு.

இணைப்பைச் சொல்லிவிட்டதால், எண்ணிப் பார்க்கும் பொறுப்பு இப்போது விற்பவருடையதும் ஆகிறது. வகை தவறினாலும் அவரிடமே கேட்கலாம்.

அப்புறம் அசல் மாட்யூலா, பொருந்தும் மாட்யூலா என்ற பழைய சண்டை. வேறு நிறுவனங்கள் செய்யும் பொருந்தும் மாட்யூல்கள் நன்றாகவே மலிவு, ஒளியும் ஒன்றுதான். சிக்கல் அதற்குள் இருக்கும் சிறு சிப்பில். ஸ்விட்ச் அதைப் படித்து, தயாரித்தவர் யார் என்று பார்க்கும். தன் ஆள் இல்லையென்றால் சில ஸ்விட்சுகள் எச்சரிக்கையோடு விட்டுவிடும், சில போர்ட்டையே மூடிவிடும். சிஸ்கோவில் அதற்கென்றே `service unsupported-transceiver` என்று ஒரு கட்டளை உண்டு, ஆனால் அதைப் போட்டபின் அந்த இணைப்பில் கோளாறு வந்தால் முதலில் அசல் மாட்யூலை மாட்டிப் பாருங்கள் என்றுதான் ஆதரவுக் குழு சொல்லும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். பொருந்தும் மாட்யூல் தருகிறவர், எந்த ஸ்விட்ச் மாடலுக்காக அந்தச் சிப்பில் கோடிங் செய்யப்பட்டது என்று எழுத்தில் தரணும். கோரும் தள ஸ்விட்சும் வேறு வேறு கம்பெனி என்றால் இரு முனைக்கும் வேறு வேறு கோடிங் வேண்டியிருக்கும். நான் வழக்கமாகப் பொருந்தும் மாட்யூலையே வாங்கி, கூட ஓர் அசல் ஜோடியை அலமாரியில் வைத்துக்கொள்வேன்.

வாரண்டி: ஒரு சொல், பல அர்த்தம்

இங்கே இரண்டு கடிதமும் வழக்கமாகக் கோட்டை விடும். "3 வருட வாரண்டியுடன்" என்று எழுதினால், மூன்று பேரிடமிருந்தும் மூன்று வருடம் என்றே பதில் வரும், மூன்றும் வெவ்வேறு சரக்கு. ஒருவர் சொல்வது, பழுதான பெட்டியை நீங்கள் அனுப்பி, அது சரியாகி வர வாரக்கணக்கில் காத்திருக்கும் வாரண்டி. இன்னொருவருடையது, மாற்றுப் பெட்டி அடுத்த வேலை நாளில் புறப்படும் என்பது. மூன்றாமவருடையது, அடுத்த வேலை நாளில் உங்கள் வாசலுக்கு வந்து சேரும் என்பது. புறப்படுவதற்கும் வந்து சேர்வதற்கும் நடுவே உங்கள் ஒரு தளம் முழுக்க போன் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆயுட்கால வாரண்டி என்று வந்தாலும் யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். பல நிறுவனங்களில் முதலில் வாங்கியவரிடம் இருக்கும்வரை என்று பொருள், அதற்கும் விற்பனை நிறுத்திய பிறகு இத்தனை வருடம் என்று ஒரு வரம்பு இருக்கக்கூடும். விசிறிக்கும் பவர் சப்ளைக்கும் தனிக் காலமும் இருக்கலாம். இதை எல்லாம் ஒரே வரியில் கேட்க முடியாது, அதனால் காலியான பட்டியலாகக் கொடுத்துவிடுவது நல்லது:

| கேள்வி | விற்பவர் நிரப்ப வேண்டியது |
|---|---|
| வாரண்டி தொடங்கும் நாள்: அனுப்பிய நாளா, பொருத்திய நாளா? | |
| மாற்றுப் பெட்டி: புறப்படும் நாளா, வந்து சேரும் நாளா? | |
| பவர் சப்ளை, விசிறி, டிரான்ஸீவர் இதில் அடங்குமா? | |
| மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை வருடம்? | |
| லைசென்ஸ் காலாவதியானால் எது நின்றுபோகும்? | |
| சீரியல் எண் எங்கள் பெயரில் பதிவாகுமா? | |

முதல் வரியை அலட்சியம் செய்யாதீர்கள். கட்டட வேலை தாமதமாகி ஸ்விட்ச் மூன்று மாதம் பெட்டிக்குள் தூங்கினால், அனுப்பிய நாளிலிருந்து ஓடும் வாரண்டியில் அந்த மூன்று மாதம் போயேபோச்சு. லைசென்ஸ் கேள்வியும் அப்படியே. இணையம் வழியாக நிர்வகிக்கும் சில ஸ்விட்சுகளில் சந்தா முடிந்தால் அமைப்புகளை மாற்ற முடியாமல் போகும். அப்படியானால் சந்தாவின் ஐந்து வருட விலையும் ஒப்பீட்டில் சேர வேண்டும், பெட்டியின் விலை மட்டும் அல்ல.

அடுத்த நாள் மாற்றும் ஒப்பந்தத்துக்குப் பதிலாக ஒரு உபரி ஸ்விட்ச் வாங்கி வைப்பதும் ஒரு வழி. நம் மூன்று தளத்திலும் ஒரே மாடல் என்பதால் ஒரே உபரி மூன்றுக்கும் உதவும், ராத்திரியிலும் விடுமுறையிலும் கையில் இருக்கும். கோருக்கு அது ஒத்துவராது. அது தனி மாடல், ஒப்பந்தம்தான் சரி. அதனால் கடிதத்தில் "தள ஸ்விட்ச் 3, உபரி 1, சாதாரண வாரண்டி" என்று ஒரு விலையும், "தள ஸ்விட்ச் 3, அடுத்த வேலை நாள் மாற்று ஒப்பந்தம்" என்று இன்னொரு விலையும் கேட்கிறேன். உபரி மலிவாக வந்தால் அதையே எடுப்பேன்.

மற்றபடி வழக்கமானவை: ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலை, வரி தனியாக, விலை எத்தனை நாள் செல்லும், எந்தச் சாமான் எத்தனை வாரத்தில் வரும். ஸ்விட்சும் டிரான்ஸீவரும் ஒரே நாளில் வராவிட்டால் பொருத்தும் ஆட்களை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும் என்பதால், கடைசிச் சாமான் வந்து சேரும் தேதியை ஒரே வரியில் தனியாகக் கேட்டுவிடுகிறேன்.