வளர்ப்புச் சோதனையா, 16எஸ் மரபணு வரிசையா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இதய வால்வில் தொற்று என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் ஐந்து நாள் வைத்திருந்தும் இரத்த வளர்ப்பில் எந்த பாக்டீரியாவும் முளைக்கவில்லை. அறுவையில் எடுத்த வால்வுத் திசுவை எந்தச் சோதனைக்கு அனுப்புவது?

எது தேவை: வளர்ப்புக்கு உயிருள்ள பாக்டீரியா வேண்டும், முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அது கிடைப்பது அரிது. வரிசையறிதலுக்குச் செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. போதும்.

எப்படிப் பெயர் வருகிறது: வளர்ப்பில், முளைத்ததன் வேதிவினைகளைப் பார்க்கிறார்கள். மற்றதில், எல்லா பாக்டீரியாவிலும் உள்ள, சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள 16எஸ் என்ற ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவைப் பி.சி.ஆர். மூலம் பெருக்குகிறார்கள். அதில் இனத்துக்கு இனம் மாறாத பகுதிகள் பி.சி.ஆருக்குப் பிடிமானம். மாறும் பகுதிகளே அடையாளம். தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால், சாதாரண வளர்ப்பில் சிக்காத பார்டோனெல்லா என்ற பாக்டீரியாகூட வெளிப்படலாம்.

செலவு: வளர்ப்பு மலிவு. மற்றது பல மடங்கு.

எங்கே சறுக்கும்: வேதிப்பொருளிலேயே ஒட்டியிருக்கும் அந்நிய டி.என்.ஏ.வும் பெருகிவிடும். மாதிரி சேர்க்காத வெற்றுக் குழாயிலும் அதே வரிசை வந்தால் முடிவை நம்பக் கூடாது. பல இனங்கள் கலந்த சீழில், எழுத்துகளைக் காட்டும் வரைபடச் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வரிசை குழம்பும். ஈ.கோலை, ஷிகெல்லா இரண்டையும் இம்மரபணுவால் பிரிக்க இயலாது.

எந்த மருந்து கேட்கும் என்பதை நேரடியாகச் சொல்வது வளர்ப்புதான். எனவே காய்ச்சலின் தொடக்கத்தில், மருந்துக்கு முன், வளர்ப்பே என் தேர்வு. இந்த வால்வுக்கோ, திசுவைப் ஃபார்மலினில் போடாமல் மரபணு வரிசைக்கு அனுப்புவேன்.