கைநாட்டா, வாய்மொழியா: சூளைப் பேட்டிக்கு எதிக்ஸ் விண்ணப்பம்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளை. முன்பணம் வாங்கி அங்கேயே தங்கி வேலை செய்யும் இருளர் குடும்பங்களை ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்கான விண்ணப்பத்தில் இரண்டு இடங்களில் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒப்புதலை எப்படிப் பதிவு செய்வது, பேசியவர் யார் என்பதை எப்படி மறைப்பது.

ஒப்புதலுக்கு முதல் வழி, படிவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். எழுத்தறிவுள்ள, இரு தரப்பும் சாராத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கமிட்டிக்கும் இது நிம்மதி, கோப்பில் தாள் இருக்கும். ஆனால் சூளையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார்? பெரும்பாலும் மேஸ்திரி, இல்லையென்றால் கணக்கு எழுதுபவர். இருவருமே முதலாளியின் ஆட்கள். அவர்கள் முன்னால் ஒரு பெண் 'சரி' என்று தலையாட்டினால் அதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. நான் முதல்முறை படிவத்தை நீட்டியபோது ஓர் அம்மா கேட்டார்: "இதுல எவ்வளவு கடன்னு எழுதியிருக்கு சார்?" முன்பணம் வாங்கும்போதும் அவர் கைநாட்டு வைத்திருக்கிறார். அவருக்குக் கைநாட்டு என்றாலே கடன்தான்.

இரண்டாவது வழி, வாய்மொழி ஒப்புதல். தகவல் தாளைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டி, சம்மதத்தை ரெக்கார்டரில் பதிவு செய்வது. அமெரிக்காவின் கூட்டாட்சி விதி (45 CFR 46.117) இதற்கு நல்லதொரு காரணம் தருகிறது: கையெழுத்திட்ட தாள் மட்டுமே பேசியவரை ஆய்வோடு இணைக்கும் சான்று, முக்கிய ஆபத்தும் ரகசியம் வெளியே போவதுதான் என்றால், கையெழுத்து தேவையில்லை என்று கமிட்டி விலக்கு அளிக்கலாம். அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வாதம் சூளைக்கு அப்படியே பொருந்துவதால், விண்ணப்பத்தில் விரிவாக எழுதுங்கள்.

என் சாய்வு வாய்மொழிப் பக்கம்தான். படிவத்தில் இல்லாத ஒரு சோதனை அதில் உண்டு. வாசித்து முடித்த பிறகு, "நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேட்கலாம். "கடனைத் தள்ளுபடி பண்ண வந்திருக்கீங்க" என்று பதில் வந்தால் ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மறுபடியும் விளக்க வேண்டும். குரலும் ஓர் அடையாளம் என்பதால் ஒப்புதல் பதிவையும் பேட்டிப் பதிவையும் தனித்தனியே, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் சூளை நின்ற பிறகு அவர்கள் ஊரில் வைத்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டு, விடுதலைச் சான்றிதழ் வாங்கி வெளியே வந்துவிட்டவர், தன் கையில் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டால் மட்டும் படிவமே சரி.

அப்புறம் அடையாளம். 'புனைபெயர் பயன்படுத்தப்படும்' என்ற ஒரே வரியோடு பலர் முடித்துவிடுகிறார்கள். அது வாசகரிடமிருந்து மறைக்கும், முதலாளியிடமிருந்து மறைக்காது. 12 குடும்பங்கள் உள்ள சூளையில் "26 வயது, மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை சூளையிலேயே பிறந்தது, முன்பணம் 34,500" என்று எழுதினால், 'வள்ளி' என்று பெயர் மாற்றி என்ன பயன்? 34,500 என்ற தொகை முதலாளியின் நோட்டில் அப்படியே இருக்கிறது.

இதற்கு மாற்று, மூன்று பெண்களின் வாழ்க்கையைச் சேர்த்து ஒரே பாத்திரமாக எழுதுவது. யாரையும் அடையாளம் காண்பது கடினம். ஆனால் கடன், பிரசவம், கூலி எல்லாம் ஒரே உடம்பில் எப்படிச் சேர்ந்து வலித்தன என்பதைத்தானே ஆய்வு சொல்ல வந்தது? கலவைப் பாத்திரத்தில் அந்தச் சேர்க்கையே நாம் கட்டியதாகிவிடும். அதனால் நான் புனைபெயரோடு நின்று, விவரத்தைக் கரடுமுரடாக்குவேன். வயது 'இருபதுகளில்', தொகை 'முப்பதாயிரத்துக்கு மேல்', சூளையின் ஊர் வேண்டாம். பிரசவச் சம்பவம் தேவையென்றால் அதை அந்தப் புனைபெயரோடு இணைக்காமல், 'ஒரு பெண் சொன்னார்' என்று வேறு அத்தியாயத்தில் வைப்பேன்.

விலகிக்கொள்ளும் உரிமையைத் தந்தால், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலே ஆபத்து. எனவே விலகக் கடைசித் தேதி ஒன்று குறித்து, அது முடிந்ததும் பட்டியலை அழிப்பதாக எழுதுங்கள். 'முழு ரகசியம்' என்று மட்டும் எழுதாதீர்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் பேட்டியில் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி நாம் புகார் செய்தாக வேண்டும். இதைப் பேட்டி தொடங்கும் முன்பே, தகவல் தாளை வாசிக்கும்போதே அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.