15 வயதா, 16 வயதா?

ஒரே கொலை வழக்கில் சிக்கிய இரு பையன்கள்: ஒருவனுக்கு 15 வயது 11 மாதம், மற்றவனுக்கு 16 வயது 1 மாதம். குற்றம் நடந்த நாளின் வயதுதான் கணக்கு. பிடிபட்ட நாளுடையது அல்ல.

சின்னவன் வழக்கை, சிறுவர் குற்றங்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமே முடிக்கும். அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம், அவ்வளவுதான்.

பெரியவனை, இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, குழுமம் முதலில் மதிப்பிடும்: விளைவு புரிந்து செய்தானா, எந்தச் சூழலில் செய்தான்? அப்புறம் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே பெரியவர்களைப் போல விசாரித்துத் தண்டித்தாலும் தூக்கு கிடையாது; 21 வயதுவரை பாதுகாப்பு இடம், திருந்தாவிட்டால் மிச்சத்துக்குச் சிறை.

இரண்டு மாத வித்தியாசம் இவ்வளவு செய்வதால், சண்டையெல்லாம் பள்ளிச் சான்றிதழின் தேதி மேல்தான். பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை, அதுவோ துல்லியமானதல்ல.