ஒரு பை, ஐந்து படங்கள்: மாற்று உரையுடன் மூன்று ஆண்டுகள்

பைகள் விற்கும் ஓர் இணையக் கடையின் பொருள் பக்கங்களை மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். படங்களை ஏற்றுவதும், படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைச் சொல்லால் விளக்க, நிரலில் `alt` என்ற இடத்தில் வரும் மாற்று உரையை எழுதுவதும் என் பொறுப்பு. தொடக்கத்தில் அந்த வரியைப் படத் தேடலை மட்டும் மனத்தில் வைத்தே எழுதினேன். பிறகு அதைக் காதால் கேட்கும்படி ஆயிற்று; அன்று முதல் எழுதும் முறை மாறியது. அந்த மாற்றத்தில் எது நிலைத்தது, எது சிக்கலானது என்பதை ஒரு முதுகுப்பையின் ஐந்து படங்களை வைத்துச் சொல்கிறேன்.

அது 25 லிட்டர் கொள்ளளவுள்ள கருநீலப் பை. முன்புறம், முதுகில் படியும் பின்புறம், திறந்து வைத்த உட்புறம், பாட்டில் வைக்கும் பக்கவாட்டு, ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பது என ஐந்து படங்கள். ஐந்துக்கும் நான் கொடுத்திருந்த மாற்று உரை ஒன்றே: “முதுகுப்பை கருநீலம் மடிக்கணினிப் பை பயணப் பை குறைந்த விலை முதுகுப்பை வாங்க”. தேடுபவர் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அகப்பட வேண்டும் என்பது கணக்கு. இப்படிச் சொற்களை அடுக்குவது பயனருக்கு இடையூறு என்றும், தளத்தையே குப்பைத் தளமாகக் கருதவைக்கக்கூடும் என்றும் கூகுள் தன் வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே எழுதிவைத்திருப்பதை நான் அப்போது படித்திருக்கவில்லை.

ஒரு நாள் பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மடிக்கணினி வைக்கும் அறைக்குத் தனி ஜிப் உண்டா என்று கேட்டார். “மூன்றாவது படத்தில் தெரிகிறதே, சார்” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “மூன்றாவது படமும் முதல் படமும் எனக்கு ஒன்றுதான் சார். ஐந்து தடவையும் ஒரே வரியைத்தான் படிக்கிறது” என்றார்.

அன்று மாலையே, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்களில் ஒன்றான, விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ.வை நிறுவினேன். அதில் `G` விசையைத் தட்டினால் பக்கத்தின் அடுத்த படத்துக்குத் தாவும். ஐந்து முறை தட்டி, விற்பனைச் சரக்கை ஏலம் கூவுவது போன்ற என் சொந்த வரியை ஐந்து முறை கேட்டேன். கேட்கத் தொடங்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. பக்க வார்ப்புருவில் மொழி ஆங்கிலம் என்று சொல்லும் `lang="en"` இருந்ததால், தமிழ் வரியை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிட்டுத் திரைவாசிப்பான் திணறியது. அதை `lang="ta"` என்று மாற்றிய பிறகுதான் என் வரி என்று அடையாளமே தெரிந்தது.

அதன்பின் நான் வைத்துக்கொண்ட முறை எளியது. பொருளின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. ஆகவே, தலைப்பைக் கேட்டு முடித்தவருக்கு இந்தக் குறிப்பிட்ட படம் புதிதாக எதைக் காட்டுகிறது என்பதையே மாற்று உரை சொல்ல வேண்டும். முதல் படத்துக்கு “கருநீல முதுகுப்பையின் முன்புறம்: மேலே வளைந்த ஜிப், கீழே ஒரு சிறு அறை” என்று எழுதினேன். பின்புறத்துக்கு “முதுகுப்பையின் பின்புறம்: இரண்டு தடித்த தோள்பட்டைகள், நடுவே காற்றோட்டத்துக்கான வலைத்துணி”. தொலைபேசியில் கேள்விக்குள்ளான மூன்றாவது படம் இப்படி ஆயிற்று:

```html
<img src="backpack-navy-open.jpg"
     alt="முதுகுப்பையின் உட்புறம்: பின்சுவரை ஒட்டி மடிக்கணினி உறை, ஜிப்புக்குப் பதில் வெல்க்ரோ பட்டை">
```

“முதுகுப்பையின்” என்ற சொல் ஒவ்வொரு வரியிலும் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். கேட்பவருக்கு அது தேவையில்லை. ஆனால் தேடல் முடிவில் அந்தப் படம் மட்டும் பக்கத்திலிருந்து பிரிந்து நிற்கும்போது, எதன் உட்புறம் என்று சொல்ல ஒரு பெயர்ச்சொல்லாவது வேண்டும். முழுப் பெயர், நிறுவனப் பெயர், மாதிரி எண் எல்லாவற்றையும் ஐந்து வரிகளிலும் போடுவது கேட்பவரின் பொறுமையைச் சோதிப்பது. ஒரு சொல்லைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் தீர்ப்பு. கூகுள் மாற்று உரையை மட்டும் நம்புவதில்லை. படத்தையும் அது ஆராய்கிறது, பக்கத்தின் உள்ளடக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே ஒரே வரியில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டிய தேவை தேடலுக்கும் இல்லை. “படம்” என்று தொடங்குவதையும் விட்டுவிட்டேன். அது படம் என்பதைத் திரைவாசிப்பானே அறிவித்துவிடும்.

நிறத்தில் கேட்பவர், தேடுபவர் இருவருக்கும் தேவை ஒன்றாகவே இருந்தது. தயாரிப்பாளர் இந்தப் பையின் நிறத்துக்கு “நள்ளிரவு” என்று பெயர் வைத்திருந்தார். அப்படி யாரும் தேடுவதில்லை. கேட்பவருக்கும் அது கறுப்பா, நீலமா என்று விளங்காது. பார்வையற்றவருக்கு நிறம் எதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவரும் உடைக்குப் பொருத்தமாகத்தான் வாங்குகிறார், பிறருக்குப் பரிசளிக்கவும் வாங்குகிறார் என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நீளத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மாற்று உரை 125 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. வெப் அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. தரநெறியில் அப்படி ஓர் எண்ணே இல்லை. தமிழில் அந்தக் கணக்கு இன்னும் தவறாகிவிடும். “கி” என்று நாம் ஓரெழுத்தாகப் படிப்பதைக் கணினி இரண்டு குறிகளாக எண்ணுகிறது. நான் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே மூச்சில் வாசிக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். முடியாவிட்டால் அந்தச் செய்தி அங்கே இருக்க வேண்டியதில்லை. அளவு அட்டவணையைப் படமாக ஏற்றியிருந்தோம். அதை மாற்று உரைக்குள் அடக்க இரண்டு முறை முயன்று, கடைசியில் பக்கத்திலேயே உண்மையான அட்டவணையாகப் போட்டோம். அதேபோல் நீர்புகாத துணி, உத்தரவாதம் போன்று படத்தில் தெரியாத எதையும் இந்த வரியில் எழுதுவதில்லை. வெல்க்ரோ பட்டையைப் பற்றிய செய்தியையும் பொருள் விவரத்தில் சேர்த்துவிட்டேன், ஏனென்றால் அது எல்லாருக்கும் வேண்டிய செய்தி.

இரண்டாம் ஆண்டில் வந்த சிக்கல் என் எழுத்தில் இல்லை, நிரலில் இருந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் பச்சைப் பையின் படம் வரும். மாற்று உரையோ “கருநீல முதுகுப்பையின் முன்புறம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நிறத்தை மாற்றும் நிரல் படத்தின் முகவரியை மட்டும் மாற்றியது. கண்ணால் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைகளும் `alt` இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அது உண்மையா என்று பார்க்காது. எனவே எங்களுக்கு முழு மதிப்பெண்ணே கிடைத்து வந்தது. திருத்தம் ஒரு வரிதான், கீழே இரண்டாவதாக இருப்பது:

```js
img.src = variant.image;
img.alt = variant.alt;
```

இதனால் கேட்பவருக்குச் சரியாயிற்று, தேடலுக்குச் சரியாகவில்லை. கூகுளின் தேடுநிரல் நிறப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதில்லை. அழுத்தினால் மட்டும் வரும் பச்சைப் படம் அதன் கண்ணில் படாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி முகவரி கொடுத்து, அந்த முகவரியைத் திறந்தவுடனே அந்த நிறப் படமும் அதற்குரிய வரியும் வரும்படி அமைத்த பிறகுதான் இரண்டும் ஒன்றுசேர்ந்தன.

இருவரின் தேவையும் உண்மையில் மோதிய இடம் பட்டியல் பக்கம். அங்கே படமும் பெயரும் ஒரே இணைப்புக்குள் இருக்கின்றன. படத்துக்கும் பெயரையே கொடுத்தால் ஒவ்வொரு பொருளையும் இருமுறை கேட்க வேண்டும். 40 பொருள் உள்ள பக்கத்தில் அது சித்திரவதை. அங்கே `alt=""` என்று வெறுமையாக விட்டேன். திரைவாசிப்பான் அத்தகைய படத்தைத் தாண்டிச் சென்றுவிடும். தேடலில் அடி விழுமோ என்ற பயம் இருந்தது. முழு வரியோடு அதே படம் பொருள் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, அடுத்து வந்த மாதங்களில் நான் கவனிக்கும்படியான சரிவு எதுவும் இல்லை.

ஆனால் அந்த வெற்றி மயக்கத்தில் ஒரு தவறு செய்தேன். “தொடர்புடைய பொருள்கள்” வரிசைக்கும் அதே வார்ப்புருவைப் போட்டுவிட்டேன். அங்கே பெயர் கிடையாது, இணைப்புக்குள் படம் மட்டுமே. படத்தின் மாற்று உரைதான் அங்கே இணைப்பின் பெயர். அது வெறுமையானதும் திரைவாசிப்பான் வேறு வழியின்றி முகவரியை, சாய்கோடும் எண்களுமாக, வாசிக்கத் தொடங்கியது. `alt` என்பதே இல்லாமல் போவதும், அது வெறுமையாக இருப்பதும், இணைப்புக்குள் வெறுமையாக இருப்பதும் மூன்று வேறு நிலைமைகள் என்பது அப்போதுதான் மனத்தில் பதிந்தது.

தேடலில் என்ன கிடைத்தது என்று கேட்டால், அளந்து சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன், பிழை என்னுடையது. தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் தேடல் வகையைப் ‘படம்’ என்று மாற்றினால், படத் தேடலில் எந்தச் சொற்களுக்கு நம் பக்கம் வந்தது என்று பார்க்கலாம். அது 16 மாதத் தரவையே வைத்திருக்கும். மாற்றத்துக்கு முந்தைய தரவை நான் இறக்கி வைத்துக்கொள்ளவில்லை. இப்போது “உட்புறம்”, “மடிக்கணினி உறை” போன்ற சொற்கள் அடங்கிய தேடல்கள் பட்டியலில் வருகின்றன. பொருள் விவரத்தையும் அதே காலத்தில் திருத்தியதால் பெருமை எந்த வரிக்கு என்று பிரிக்க வழியில்லை.

நான்காவது படத்துக்கு “முதுகுப்பையின் பக்கவாட்டு: மேல்விளிம்பில் நெகிழ்பட்டை உள்ள வலைப்பை” என்று எழுதி நெடுநாள் திருப்தியாக இருந்தேன். போன மாதம் அதே வாடிக்கையாளர் அழைத்து, ஒரு லிட்டர் பாட்டில் அதில் நிற்குமா என்று கேட்டார். இந்த முறை நானே படத்தைத் திறந்து பார்த்தேன். வலைப்பை காலியாகத் தொங்கியது; பார்வையுள்ளவருக்கும் அந்தப் படத்தில் பதில் இல்லை. கிடங்கிலிருந்து பையை எடுத்து வந்து பாட்டிலைச் செருகிப் பார்த்தேன், நின்றது. பாட்டிலோடு மறுபடி படம் எடுக்கச் சொல்லிவிட்டு, வரியின் கடைசியில் “உள்ளே ஒரு லிட்டர் பாட்டில், பாதி உயரம் வெளியே தெரிகிறது” என்று சேர்த்தேன்.