'இல்லா'வுக்குப் பின் நஸ்பா, பதலா? இரண்டு வசனங்கள், ஒரு சோதனை

குர்ஆனில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த இரண்டு தொடர்கள் உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 249ஆம் வசனத்தில், ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்று தாலூத் சொன்ன பிறகும் படையினர் குடித்ததைப் பற்றி 'ஃபஷரிபூ மின்ஹு இல்லா கலீலன் மின்ஹும்' என்று வருகிறது: அவர்களுள் சிலரைத் தவிர மற்றவர்கள் அதிலிருந்து குடித்தார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 66ஆம் வசனத்தில் 'மா ஃபஅலூஹு இல்லா கலீலுன் மின்ஹும்' என்று வருகிறது: அவர்களுள் சிலரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். இரண்டிலும் வினைச்சொல்லோடு ஒட்டிய 'ஊ' என்ற பன்மைப் பெயரே எழுவாய். இரண்டிலும் 'தவிர' எனப் பொருள்படும் 'இல்லா'வுக்குப் பின் வருவது 'கலீல்' என்ற ஒரே சொல். ஆனால் முதலாவதில் அது 'கலீலன்' என நஸ்பு, அதாவது செயப்படுபொருளுக்குரிய வேற்றுமை, பெறுகிறது; இரண்டாவதில் 'கலீலுன்' என ரஃபு, அதாவது எழுவாய்க்குரிய வேற்றுமை, பெறுகிறது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றுதான்: இரண்டாவது தொடர் 'மா' என்ற எதிர்மறையோடு தொடங்குகிறது.

தமிழ் வழியாக அரபு இலக்கணம் படிப்பவர்கள் இந்த இடத்தில் இடறுவதற்குத் தமிழிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நாம் 'தவிர' என்ற சொல்லுக்கு முன் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை உருபைத்தான் வைக்கிறோம். 'ஸைதைத் தவிர எல்லோரும் வந்தார்கள்' என்றாலும், 'ஸைதைத் தவிர யாரும் வரவில்லை' என்றாலும் அந்த 'ஐ' மாறுவதில்லை. எனவே விலக்கப்பட்ட பெயரை, அதாவது முஸ்தஸ்னாவை, எங்கே கண்டாலும் நஸ்பாக வாசிக்கக் கை நீள்கிறது. உடன்பாட்டுத் தொடரில் அது தற்செயலாகச் சரியாகவும் அமைந்துவிடுவதால், பழக்கம் ஊறிய பிறகுதான் பிழை வெளிப்படுகிறது. (அரபு 'இல்லா'வுக்கும் நம் 'இல்லா'வுக்கும் ஒலியைத் தவிர வேறு உறவு கிடையாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம்.)

முஸ்தஸ்னாவின் வேற்றுமையைத் தீர்மானிப்பதில் போட்டியிடும் வழிகள் இரண்டு. ஒன்று, இஸ்திஸ்னா என்ற விலக்கலையே காரணமாகக் கொண்டு நஸ்பு கொடுப்பது. மற்றது, விலக்கப்பட்ட பெயரை எதிலிருந்து விலக்கினோமோ அந்தப் பெயருக்கு, அதாவது முஸ்தஸ்னா மின்ஹுவுக்கு, பதிலியாக வைத்து அதன் வேற்றுமையையே இதற்கும் தருவது. இதைத்தான் பதல் என்கிறார்கள். எந்தத் தொடரில் எது செல்லும் என்பதைப் பாடநூல்கள் பட்டியல்களாகக் கற்பிக்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு சோதனையைப் பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. முஸ்தஸ்னா மின்ஹுவைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முஸ்தஸ்னாவை இருத்திப் பார்க்க வேண்டும். தொடர் நின்றால் பதலுக்கு வழி உண்டு. சரிந்தால் நஸ்பைத் தவிர வேறு வழியில்லை.

'ஜாஅல் கவ்மு இல்லா ஸைதன்', அதாவது 'ஸைதைத் தவிர மக்கள் வந்தார்கள்' என்பதில் 'அல்கவ்மு'வை எடுத்துவிட்டால் எஞ்சுவது 'ஜாஅ இல்லா ஸைதுன்'. 'ஸைதைத் தவிர வந்தார்' என்று தமிழில் சொன்னால் யார் வந்தார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா, அரபியிலும் அதே குறைதான். பதிலியாக நிற்க இடமே இல்லாததால் இங்கே நஸ்பு கட்டாயம். 'ஃபஷரிபூ' வசனம் இந்த வகையைச் சேர்ந்தது. மாறாக, 'மா ஜாஅ அஹதுன் இல்லா ஸைதுன்' என்பதில் 'அஹதுன்' என்ற சொல்லை எடுத்தாலும் 'மா ஜாஅ இல்லா ஸைதுன்' என்று குறையில்லாமல் நிற்கிறது. ஸைத் மட்டுமே வந்தார் என்பது பொருள். இங்கே பதல் செல்லும். எதிர்மறையைப் போலவே விலக்கும் கட்டளையும், எதிர்மறைப் பொருள் தரும் வினாவும் இந்தக் கணக்கில் சேரும்.

சோதனை இங்கே பதலை அனுமதிக்கிறதே தவிர நஸ்பைத் தடுப்பதில்லை. 'மா ஜாஅ அஹதுன் இல்லா ஸைதன்' என்பதும் சரியான அரபிதான். இரண்டும் செல்லும் என்றால் எதைத் தேர்வது? ஹிஜ்ரி 672இல் (கி.பி. 1274) மறைந்த இப்னு மாலிக் தமது இலக்கணச் செய்யுள் நூலான அல்ஃபிய்யாவில் உடன்பாட்டுத் தொடருக்கு 'நஸ்பு பெறும்' என்று வெறுமனே சொல்கிறார், எதிர்மறைத் தொடரில் பெயர் பின்தொடர்வதற்கோ 'தேர்ந்தெடுக்கப்பட்டது' என்ற வினையை ஆள்கிறார். ஆக, அங்கே பதல் முதல் விருப்பம், நஸ்பு அனுமதிக்கப்பட்ட இரண்டாம் விருப்பம். அந்நிஸா வசனமே இதற்குச் சான்று. குர்ஆன் ஓதல் மரபுகளுக்கு மூலவர்களான ஏழு காரிகளுள் ஆறு பேர் 'கலீலுன்' என்று ஓத, ஹிஜ்ரி 118இல் மறைந்த டமாஸ்கஸின் இப்னு ஆமிர் மட்டும் 'கலீலன்' என்று ஓதினார். ஷாம் நாட்டுக்கு, அதாவது சிரியாப் பகுதிக்கு, அனுப்பப்பட்ட குர்ஆன் படியான முஸ்ஹஃபில் அந்தச் சொல்லின் இறுதியில் நஸ்பைக் காட்டும் அலிஃப் எழுதப்பட்டிருந்தது. ஒற்றை அலிஃபில் இரண்டு இலக்கண வழிகளும் அருகருகே பதிவாகியிருக்கின்றன.

பதல் என்ற விளக்கத்துக்குப் பழைய எதிர்ப்பும் உண்டு. கூஃபா இலக்கண மரபினர் இங்கே 'இல்லா'வை ஓர் இணைப்பிடைச் சொல்லாகக் கருதினார்கள். அவர்களுள் ஒருவரான ஸஅ்லப், வருகை மறுக்கப்பட்ட 'அஹது'வுக்கு வருகை உறுதிசெய்யப்பட்ட 'ஸைத்' எப்படிப் பதிலியாகும் என்று கேட்டார். எதிர்மரபான பஸ்ரா தரப்பின் மறுமொழி, பதல் என்பது ஆமில், அதாவது வேற்றுமையை ஏற்படுத்தும் சொல், செயல்படும் அளவில்தானே ஒழிய, மறுப்பிலும் உறுதியிலும் இரண்டும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதாகும். எனக்கு இந்த மறுமொழி போதுமானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் நம் சோதனையும் வினை யாரைத் தேடுகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. கூஃபா விளக்கத்தை ஏற்றாலும் சொல்லின் இறுதி ஒலி மாறப்போவதில்லை.

சோதனையின் கூர்மை தெரியும் இடம் 'மா ஜாஅனீ மின் அஹதின் இல்லா ஸைதுன்' என்ற தொடர். 'அஹதின்' என்பது 'மின்' என்ற முன்னிடைச்சொல் காரணமாக ஜர்ரு, அதாவது அத்தகைய இடைச்சொல்லுக்குப் பின் வரும் வேற்றுமை, பெற்றிருக்கிறது. பதல் என்றால் வேற்றுமையைப் பின்தொடர்வது என்று மேலோட்டமாகப் புரிந்துகொண்டவர் 'ஸைதின்' என்று எழுதிவிடுவார், அது பிழை. இந்த 'மின்' மறுப்பை அழுத்துவதற்காக மிகையாகச் சேர்ந்தது. பொதுப்பெயரின் முன்தான், அதுவும் எதிர்மறையில்தான் வரும். ஸைதின் வருகையோ 'இல்லா'வால் உறுதியாகிவிட்டது, அவன் பெயரும் குறிப்பான பெயர். எனவே அந்த 'மின்'னுக்கு அவனிடம் வேலை இல்லை. வினை தேடுவது எழுவாயை. ஆகவே 'அஹது'வின் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, அது நிற்கும் எழுவாய் இடத்தைப் பின்பற்றி 'ஸைதுன்' என்று ரஃபு கொடுக்கிறார்கள்.

முஸ்தஸ்னா மின்ஹு தொடக்கத்திலேயே சொல்லப்படாத தொடரில் போட்டியே இல்லை. 'மா ஜாஅ இல்லா ஸைதுன்', 'மா ரஅய்து இல்லா ஸைதன்', 'மா மரர்து இல்லா பிஸைதின்' ஆகிய மூன்றிலும் 'இல்லா'வை மறைத்துவிட்டு வினைக்கு எது தேவையோ அதைக் கொடுத்தால் போதும். 'தவிர'வின் 'ஐ' நம்மை மிகவும் ஏமாற்றுவது இங்கேதான். இத்தொடர்களை 'மட்டுமே' என்று மொழிபெயர்த்துப் பழகினால் 'ஸைத் மட்டுமே வந்தார்' என்று எழுவாய் தானே தெரிந்துவிடும்.

அடுத்தது, விலக்கப்பட்டது விலக்கப்படும் கூட்டத்தைச் சேராத முன்கதிஃ வகை. 'மா ஃபித்தாரி அஹதுன்' என்ற பிறகு ஒரு கழுதையை விலக்கினால், அதாவது 'வீட்டில் யாரும் இல்லை, ஒரு கழுதையைத் தவிர' என்றால், ஹிஜாஸ் வழக்கில் 'ஹிமாரன்' என்று நஸ்பு மட்டுமே. தமீம் குலத்தார் வழக்கில் 'ஹிமாருன்' என்ற பதலும் செல்லும். இருவரும் ஒரே சோதனையை வெவ்வேறாகப் படிக்கிறார்கள் என்று கொள்ளலாம். 'அஹது'வை எடுத்தால் 'மா ஃபித்தாரி இல்லா ஹிமாருன்' என்று தொடர் நிற்கத்தான் செய்கிறது. தமீமுக்கு அது போதும். 'அஹது' மனிதரைக் குறிக்க, கழுதை எப்படி அதன் பதிலியாகும் என்பது ஹிஜாஸின் தயக்கம். அந்நிஸா 157ஆம் வசனத்தில் 'மா லஹும் பிஹி மின் இல்மின் இல்லத்திபாஅள் ழன்ன்' என்று ஊகத்தைப் பின்பற்றுவது அறிவின் வகையன்று என்பதால் ஏழு காரிகளும் நஸ்பாகவே ஓதினார்கள். 'மா ஸாத ஹாதல் மாலு இல்லா மா நகஸ', அதாவது 'இந்தச் செல்வம் கூடவில்லை, குறைந்ததைத் தவிர' என்பதில் 'குறைந்தது கூடியது' என்று சொல்லவே முடியாததால் தமீமிடமும் பதல் கிடையாது.

இரண்டு வழிகளும் நேருக்கு நேர் மோதும் இடம் ஹூத் அத்தியாயத்தின் 81ஆம் வசனம். லூத்திடம் வானவர்கள் சொல்வது: 'ஃபஅஸ்ரி பிஅஹ்லிக பிகித்இம் மினல் லைலி வலா யல்தஃபித் மின்கும் அஹதுன் இல்லம்ரஅதக'. குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு இரவிலேயே புறப்படுங்கள். உங்களில் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் மனைவியைத் தவிர. இப்னு கஸீரும் அபூ அம்ரும் 'இம்ரஅதுக' என்று ரஃபாக ஓதினார்கள். மற்ற ஐவரும் நஸ்பாக ஓதினார்கள். ரஃபு என்றால் அது 'அஹதுன்' என்ற சொல்லுக்குப் பதல். விலக்கும் கட்டளைக்குப் பின் வந்ததால் அது முதல் விருப்பமும்கூட. ஆனால் நஸ்புக்கு இரண்டு வாயில்கள் உண்டு. 'அஹது'விலிருந்து விலக்கினால் அது அனுமதிக்கப்பட்ட இரண்டாம் விருப்பம். முன்னுள்ள 'அஹ்லிக'விலிருந்து விலக்கினால், 'புறப்படுங்கள்' என்பது உடன்பாட்டுக் கட்டளை என்பதால், நஸ்பு கட்டாயம். பெரும்பான்மை ஓதல் இரண்டாம் விருப்பத்தில் அமைவதா என்ற தயக்கத்தால் பலர் பின்னதையே பிடித்தார்கள்.

அப்படிப் பிடித்தால் பொருள் சிக்குகிறது. ரஃபின்படி மனைவி அவர்களோடு வந்து திரும்பிப் பார்த்தாள் என்று ஆகும். நஸ்பின்படி அவளை அழைத்துச் செல்லவே இல்லை என்று ஆகும். குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரி இதை இரண்டு வரலாற்றுச் செய்திகளோடு பொருத்தினார். இரண்டு ஓதல்களும் உறுதியானவை, அவை ஒன்றையொன்று மறுக்க முடியாது என்று இலக்கண அறிஞர் இப்னுல் ஹாஜிப் ஆட்சேபித்தார். மூன்றாவது வழி, விலக்கலை முன்கதிஃ ஆக்கி, ரஃபு பெற்ற 'இம்ரஅதுக'வைப் புதிய வாக்கியத்தின் முப்ததாவாகவும், அதாவது எழுவாயாகவும், தொடர்ந்து வரும் 'இன்னஹூ முஸீபுஹா மா அஸாபஹும்' என்பதை அதன் கபராகவும், அதாவது பயனிலையாகவும், கொள்வது: 'ஆனால் உங்கள் மனைவியோ, அவர்களைப் பிடிப்பது அவளையும் பிடிக்கும்'. இப்படி வாசித்தால் அவள் உடன் சென்றாளா இல்லையா என்பதை எந்த ஓதலும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதலைத் துறந்துதான் இந்த வழிக்கு வர வேண்டியிருக்கிறது. இன்று பரவலாக உள்ள ஹஃப்ஸ் ஓதல் வழியில் 'இம்ரஅதக' என்று ஓதிப் பழகியவருக்கு 'அஹது'விலிருந்து விலக்கும் நஸ்பே எளிமையானது என்று நினைக்கிறேன், ஏனெனில் இப்னு ஆமிரின் 'கலீலன்' காட்டுவதுபோல், இரண்டாம் விருப்பத்தில் அமைவது எந்த ஓதலுக்கும் குறையன்று.